ரெசிலியன்ஸ் பத்தி கான்செப்ட் அனாலிசிஸ் எழுதுறது எப்படி: ஆட்ரிபியூட்லயும் மாடல் கேஸ்லயும் மாட்டிக்காம முடிக்க ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி நர்சிங் முதல் வருஷத்துல எனக்கு வந்த அசைன்மென்ட் இது. நர்சிங்ல ரெசிலியன்ஸ், கான்செப்ட் அனாலிசிஸ் பண்ணு, அவ்வளவுதான் சொன்னாங்க. ரெசிலியன்ஸ்னா மீள்திறன், கான்செப்ட் அனாலிசிஸ்னா அந்த மாதிரி ஒரு கருத்த பிரிச்சுப் பாத்து, எதெல்லாம் இருந்தா அத அந்தப் பேர்ல சொல்லலாம்னு முடிவு பண்றது. நான் ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் திரும்பி வந்துச்சு. முதல் தடவ ஒன்பது ஆட்ரிபியூட், அதாவது அந்தக் கருத்த அடையாளம் காட்டுற அம்சம், போட்டு வெச்சிருந்தேன், ரெண்டாவது தடவ மாடல் கேஸ்ல, அதாவது உதாரணக் கதைல, ஒரு நர்ஸ் லீவே எடுக்காம டபுள் டூட்டி பாத்து எல்லாத்தயும் தாங்கிக்கிட்டதா எழுதியிருந்தேன். எங்க மேம் அதுக்குப் பக்கத்துல பென்சில்ல "இதுல எங்க விழுந்தா, எங்க எழுந்தா?"ன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. அந்த ஒரு கேள்வி புரிஞ்சதுக்கு அப்புறம்தான் மூணாவது தடவ ஓகே ஆச்சு. நீங்க மூணு தடவ எழுத வேண்டாம்னு தான் இத எழுதுறேன்.

1. யாரோட ரெசிலியன்ஸ்னு முதல்ல ஒரு வரி எழுதுங்க

ரெசிலியன்ஸ்னு பொதுவா எடுத்தா செத்தோம். கேன்சர் பேஷன்டோட ரெசிலியன்ஸ் இருக்கு, வறுமைல வளர்ற குழந்தைங்களோடது இருக்கு, நர்ஸோடது இருக்கு, ஆஸ்பத்திரி மொத்தத்தோடதும் இருக்கு. எல்லாத்தயும் சேத்தா ஆட்ரிபியூட் எதுவும் ஒட்டாது. நான் கடைசில எடுத்தது "ஐசியூல வேலை பாக்குற ஸ்டாஃப் நர்ஸ், வேலைல நடந்த ஒரு அதிர்ச்சிக்கு அப்புறம்". இந்த ஒரு வரிதான் கடைசி வரைக்கும் எத உள்ள விடணும் எத வெளிய தள்ளணும்னு சொல்லிச்சு.

அதே பக்கத்துல நோக்கத்தயும் எழுதிடுங்க. "தெரிஞ்சுக்கிறதுக்காக"ன்னு எழுதுனா மார்க் வராது. நான் எழுதுனது, பர்ன்அவுட் ஆகாம இருக்குறதயும் ரெசிலியன்ஸயும் பிரிச்சுக் காட்டுறது, பின்னாடி தீசிஸ்ல எந்த ஸ்கேல் எடுக்கலாம்னு முடிவு பண்றதுக்கு.

மெத்தடு பெரும்பாலும் வாக்கர், அவன்ட் ரெண்டு பேரோட எட்டு ஸ்டெப்தான் கேப்பாங்க. 1963ல ஜான் வில்சன் சொன்ன பதினோரு ஸ்டெப்ப சுருக்கி அவங்க எட்டாக்கினாங்க. ராட்ஜர்ஸ் மெத்தடு வேற, அதுல காலத்துக்குத் தகுந்த மாதிரி கான்செப்ட் மாறுதுன்னு எடுத்துக்கிட்டு போவாங்க, ரெண்டயும் கலந்துடாதீங்க. உங்க அசைன்மென்ட் பேப்பர்ல எது போட்டிருக்குன்னு பாத்துட்டு ஆரம்பிங்க. வாக்கர்–அவன்ட் புத்தகம் லைப்ரரில பல எடிஷன்ல இருக்கும், நீங்க எத பாத்தீங்களோ அந்த எடிஷனோட வருஷத்த அப்பவே குறிச்சுக்கோங்க, ஆறாவது எடிஷன் 2019ல வந்தது.

2. பேப்பர் தேடுறது, இதுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்க

பப்மெட் ஃப்ரீ. வெறும் resilience னு போட்டா எண்ண முடியாத அளவுக்கு வந்து கொட்டும். நான் போட்டது இது ரெண்டுதான்:

```
resilience[ti] AND "concept analysis"[tiab]
"Resilience, Psychological"[MeSH] AND "Nurses"[MeSH] AND "Intensive Care Units"[MeSH]
```

முதல் வரி உங்களுக்கு முன்னாடி இதே வேலைய செஞ்சவங்களக் காட்டும். ரெண்டாவது உங்க இடத்துல, அதாவது ஐசியூல, என்ன ஆராய்ச்சி நடந்திருக்குன்னு காட்டும். ஃப்ரீயா படிக்க முடிஞ்சத மட்டும் பாக்கணும்னா இடது பக்கம் Free full text ஃபில்டர் இருக்கு. ஆனா அத மட்டும் நம்பி உக்காராதீங்க, 2007ல ஏர்வோலினோ-ரமிரெஸ் எழுதின கான்செப்ட் அனாலிசிஸ் மாதிரி எல்லாரும் மேற்கோள் காட்டுற பேப்பர் சிலது காசு கட்டுனாதான் முழுசா கிடைக்கும். காசு கட்டாதீங்க. காலேஜ் லைப்ரரியன் கிட்ட தலைப்ப எழுதிக் குடுங்க, இல்லேன்னா எழுதினவங்களுக்கே ரெண்டு வரி மெயில் போடுங்க. பதில் வர நாளாகலாம், அதனாலதான் இத முதல் வாரத்துலயே பண்ணச் சொல்றேன்.

பதினஞ்சுலேர்ந்து இருபது பேப்பர் எனக்குப் போதுமா இருந்துச்சு. ஒவ்வொண்ணயும் படிக்கும்போதே ஒரு டேபிள் போடுங்க: யார், எந்த வருஷம், ரெசிலியன்ஸ எப்படி டிஃபைன் பண்றாங்க, எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருது. அந்த வார்த்தைய அவங்க எழுதின மாதிரியே எழுதுங்க, பக்க நம்பரோட. நான் முதல் தடவ பக்க நம்பர் எழுதாம விட்டு அப்புறம் எல்லா பேப்பரயும் திரும்பப் பொரட்டினேன், முழுசா ரெண்டு நாள் போச்சு.

3. நர்சிங்குக்கு வெளிய இந்த வார்த்தை எங்க இருக்குன்னு சுருக்கமா

இது கேக்குறாங்க, ஆனா ஒண்ணரைப் பக்கத்துக்கு மேல வேண்டாம். டிக்‌ஷனரி, லத்தீன் வேர் "பின்னால தாவுறது"ன்னு அர்த்தம். இன்ஜினியரிங்ல ஒரு பொருள் நிரந்தரமா வளையாம எவ்வளவு ஆற்றல உள்வாங்கி திரும்பக் குடுக்கும்ங்கிறது. சூழலியல்ல ஒரு சூழலமைப்பு அதிர்ச்சிய உள்வாங்கியும் நீடிக்கிறதப் பத்தி 1973ல ஹோலிங் எழுதினது. சைக்காலஜில எம்மி வெர்னரோட ஆராய்ச்சி, ஹவாய்ல கவாய் தீவுல 1955ல பிறந்த குழந்தைங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்தது.

ஒரு விஷயம் இங்க கவனிங்க. எல்லா துறையிலயும் ரெண்டு பங்கு இருக்கு, ஏதோ ஒண்ணு அழுத்துது, அப்புறம் ஏதோ ஒரு விதத்துல நிமிருது. தமிழ்ல யோசிச்சுப் பாத்தா இன்னும் பளிச்சுன்னு புரியும். "தாங்கினான்"னா விழவே இல்ல. "மீண்டான்"னா விழுந்துட்டு வந்தான். நாம எழுதப் போறது மீள்றதப் பத்தி. அதனாலதான் மீள்திறன்னு மொழிபெயர்க்கிறாங்க. காலேஜுக்கு இங்கிலீஷ்ல தான் குடுக்கணும், ஆனா கேஸ் எல்லாத்தயும் முதல்ல தமிழ்ல எழுதிப் பாருங்க, தாங்குற கதைய எழுதுறீங்களா மீள்ற கதைய எழுதுறீங்களான்னு உடனே தெரிஞ்சிடும்.

4. மூணு பெட்டி: இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க

உங்க டேபிள்ல இப்ப முப்பது நாப்பது வார்த்தை சேந்திருக்கும். எல்லாத்தயும் ஆட்ரிபியூட்னு எழுதத் தோணும். எழுதாதீங்க. ஒரு வெள்ளைத் தாள எடுத்து மூணு பெட்டி போடுங்க. முதல் பெட்டில முன்னாடி நடக்க வேண்டியது, அதாவது ஆன்டிசிடென்ட். நடுவுல டிஃபைனிங் ஆட்ரிபியூட். கடைசில விளைவு, அதாவது கான்சிக்வென்ஸ். ஒவ்வொரு வார்த்தையும் ஏதோ ஒரு பெட்டிக்குள்ள போகணும், ரெண்டுல இருக்கக் கூடாது.

அட்வர்சிட்டி, அதாவது அந்த அடி, முன்னாடி நடக்குறது. அது இல்லாம ரெசிலியன்ஸ் வராது, ஆனா அடி விழுந்தவங்க எல்லாரும் ரெசிலியன்ட் இல்ல, அதனால அது ஆட்ரிபியூட் ஆகாது. பர்ன்அவுட் குறையுறது, வேலைய விடாம இருக்குறது, அடுத்த தடவ நல்லா சமாளிக்கிறது, இதெல்லாம் பின்னாடி வர்றது. நான் முதல் தடவ போட்ட ஒன்பதுல நாலு இப்படி முன்னயோ பின்னயோ போக வேண்டியது.

கஷ்டமானது ஆதரவுதான், சோஷியல் சப்போர்ட். ஒரு பேப்பர்ல ஆன்டிசிடென்ட்னு இருக்கும், இன்னொண்ணுல ஆட்ரிபியூட்னு இருக்கும், எத நம்புறதுன்னு நான் ஒரு வாரம் குழம்பினேன். கடைசில இப்படிப் பிரிச்சேன்: வார்டுல கேக்குறதுக்கு ஒரு சீனியர் இருக்குறது முன்னாடியே இருக்க வேண்டிய நிலைமை, அது ஆன்டிசிடென்ட். அந்த சீனியர தேடிப் போய் உதவி கேட்டு வாங்கிக்கிறது அந்த நர்ஸ் செய்யுற செயல், அது ஆட்ரிபியூட். இத நீங்களும் இப்படியே பண்ணணும்னு இல்ல, ஆனா எதுக்காக எங்க வெச்சீங்கன்னு ரெண்டு வரில எழுதிடுங்க, வைவால கண்டிப்பா கேப்பாங்க.

5. நடுப் பெட்டிய சுருக்குறது

மிச்சமிருக்குற ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு சோதனை. அத எடுத்துட்டா அந்த ஆள இன்னும் ரெசிலியன்ட்னு சொல்வீங்களா? சொல்வேன்னா அது டிஃபைனிங் இல்ல, வெளிய போடுங்க.

உதாரணத்துக்கு நகைச்சுவை உணர்வு. ஏர்வோலினோ-ரமிரெஸ் அத ஒரு ஆட்ரிபியூட்டா வெச்சிருக்காங்க. நான் சோதிச்சுப் பாத்தேன். சிரிக்கவே சிரிக்காத ஒரு அக்கா எங்க ஐசியூல உண்டு, பெரிய அடி ஒண்ணுலேர்ந்து எழுந்து வந்தவங்க, அவங்கள ரெசிலியன்ட் இல்லன்னு என்னால சொல்ல முடியாது. அதனால எடுத்துட்டேன், ஏன் எடுத்தேன்னும் எழுதினேன். பெரிய பேர் உள்ள பேப்பர்லேர்ந்து விலகலாம், காரணம் சொன்னாப் போதும்.

கடைசில எனக்கு நின்னது நாலு. ஒண்ணு, குலைஞ்சதுக்கு அப்புறம் திரும்ப வேலை செய்யுற நிலைக்கு வர்றது. ரெண்டு, என்னால இத செய்ய முடியும்ங்கிற நம்பிக்கை. மூணு, பழைய வழி ஓடலேன்னா வழிய மாத்திக்கிறது. நாலு, உதவிய தேடிப் போய் வாங்கிக்கிறது. ஆறுக்கு மேல போச்சுன்னா உங்களால மாடல் கேஸ் எழுத முடியாது, ஏன்னா அதுல எல்லாமே இருக்கணும், கதை கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும்.

6. மாடல் கேஸ்

மாடல் கேஸ்னா எல்லா ஆட்ரிபியூட்டும் ஒண்ணு விடாம இருக்குற உதாரணம். நிஜமா நடந்ததாவோ பேப்பர்ல படிச்சதாவோ நீங்களே கட்டினதாவோ இருக்கலாம். கட்டினதே நல்லதுன்னு நான் சொல்வேன். நிஜ கேஸ்னா பேஷன்ட், நர்ஸ் ரெண்டு பேரோட அடையாளமும் தெரியாம மாத்தணும், பெட் நம்பர், தேதி, டயக்னோசிஸ் சேந்து வந்தாலே உங்க ஆஸ்பத்திரில இருக்குறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. நிஜத்த எழுதுறதா இருந்தா கைடு கிட்ட எத்திக்ஸ் அனுமதி வேணுமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

ஆட்ரிபியூட் முடிவான பிறகுதான் கேஸ் எழுதணும். நான் முதல்ல மனச தொடுற கதைய எழுதிட்டு அதுலேர்ந்து ஆட்ரிபியூட்ட உருவினேன், அது தலைகீழ். நான் மூணாவது தடவ கட்டினது இது:

> ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஐசியூல சேந்து ஏழு மாசம். நிமோனியாவோட வென்டிலேட்டர்ல பதினோரு நாள் இருந்த பேஷன்ட அவங்கதான் அதிகமா பாத்துக்கிட்டாங்க. டியூப் எடுத்த மறுநாள் ராத்திரி மூணு மணிக்கு இதயம் நின்னு அரெஸ்ட். முப்பத்தஞ்சு நிமிஷம் சிபிஆர் பண்ணியும் போயிட்டாரு. வெளிய மகன் "நேத்து நல்லா இருந்தாரே, நீங்க என்ன பண்ணீங்க"ன்னு அவங்களப் பாத்து கத்தினாரு.
>
> அடுத்த ரெண்டு வாரம் தூக்கம் இல்ல. மானிட்டர் அலாரம் கேட்டா கை நடுங்குது. ஒவ்வொரு சிரிஞ்ச் பம்பயும் நாலு தடவ பாத்து பாத்து மருந்து குடுக்க லேட் ஆகுது.
>
> இன்சார்ஜ் சிஸ்டர் கிட்ட போய் நடந்தத சொல்லி, ரெண்டு வாரத்துக்கு ஒரு சீனியரோட சேத்து டூட்டி போடச் சொல்லிக் கேட்டாங்க. அந்த ராத்திரி கூட இருந்த சீனியரோட உக்காந்து சார்ட்ட மணிக்கு மணி பாத்தாங்க. அவசர உதவிக்கு கோட் கூப்பிட்டதுல தாமதம் இல்ல. ஆனா அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 96லேர்ந்து 92க்கு மெதுவா இறங்கினத எழுதி வெச்சிருக்காங்க, டாக்டர் கிட்ட சொல்லல. அதுக்கப்புறம் ஒரு தடவ பாக்குற நம்பர விட்டுட்டு மூணு மணி நேரத்து போக்கப் பாக்க ஆரம்பிச்சாங்க, பம்ப் செக்கையும் ஒரு லிஸ்ட் வெச்சு ஒரே தடவையா மாத்தினாங்க. அஞ்சாவது வாரம் தனியா அதே பெட்டுக்கு டூட்டி கேட்டு வாங்கினாங்க, "இப்ப என்னால பாத்துக்க முடியும் சிஸ்டர்"னு சொல்லி. அந்த வாரமே இன்னொரு அரெஸ்ட், கம்ப்ரஷன் அவங்கதான் குடுத்தாங்க. டூட்டி முடிஞ்சு போய் தூங்கினாங்க.

கேஸ எழுதி விட்டுடக் கூடாது, கீழ ஒரு பத்தில எந்த வரில எந்த ஆட்ரிபியூட் இருக்குன்னு காட்டணும். இதுல இன்சார்ஜ் கிட்ட கேட்டதும் சீனியரோட உக்காந்ததும் நாலாவது. நம்பர விட்டு போக்கப் பாத்ததும் லிஸ்ட் வெச்சதும் மூணாவது. பெட்ட கேட்டு வாங்கினது ரெண்டாவது. அடுத்த அரெஸ்ட்ல கம்ப்ரஷன் குடுத்து அப்புறம் தூங்கினது முதலாவது. நடுவுல இருக்குற அந்த ரெண்டு வாரம் நடுக்கத்த தயவு செஞ்சு வெட்டாதீங்க. வார்த்தை அளவு குறைக்கச் சொன்னா எல்லாரும் முதல்ல அதத்தான் வெட்டுறாங்க, அது போச்சுன்னா எழுந்ததுக்கு அர்த்தமே இல்ல.

7. மத்த கேஸ்: அதே ராத்திரிய வெச்சே எழுதுங்க

நிறைய பேர் பார்டர்லைனுக்கு ஒரு புது கதை, கான்ட்ரரிக்கு ஒரு புது கதைன்னு எழுதுறாங்க. அப்படி எழுதினா எது மாறினதால கான்செப்ட் மாறுச்சுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாது. அதே நர்ஸ், அதே அரெஸ்ட், ஒண்ண மட்டும் மாத்துங்க.

பார்டர்லைன்ல பெரும்பாலான ஆட்ரிபியூட் இருக்கும், எல்லாம் இருக்காது. என்னோடதுல அந்த நர்ஸ் யார் கிட்டயும் போகல, சார்ட்ட தனியாவே படிச்சாங்க, தனியாவே கத்துக்கிட்டாங்க, திரும்பி வந்தாங்க. மூணு இருக்கு, நாலாவது இல்ல. இத எழுதும்போது எனக்கே சந்தேகம் வந்துச்சு, இவங்களயும் ரெசிலியன்ட்னுதானே சொல்லத் தோணுது, அப்போ நாலாவது டிஃபைனிங் தானான்னு. வரட்டும், அந்த சந்தேகம் வரணும்னு தான் பார்டர்லைன் கேஸே. எட்டு ஸ்டெப்பும் வரிசையா ஒரே தடவ போற பாதை இல்ல, கேஸ்லேர்ந்து திரும்பி ஆட்ரிபியூட்டுக்குப் போய் திருத்தலாம். நான் போய்ப் பாத்துட்டு வெச்சுக்கவே முடிவு பண்ணேன், ஏன்னா ஐசியூ வேலை தனியாள் வேலை இல்ல, அடுத்த அரெஸ்ட்லயும் நாலு பேர் கை சேந்தாதான் நடக்கும். வேற இடத்து நர்ஸ எடுத்திருந்தா ஒருவேள நாலாவத நீக்கியிருப்பேன்.

ரிலேட்டட் கேஸ்ல பக்கத்து கான்செப்ட் ஒண்ணு வரணும். நான் எடுத்தது ஹார்டினஸ், 1979ல கோபாசா சொன்னது, ஈடுபாடு, கட்டுப்பாடு, சவாலா எடுத்துக்கிறதுன்னு மூணு பகுதி. அதே ராத்திரில இருந்த சீனியர், அரெஸ்ட் முடிஞ்சு கை கழுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனாங்க, தூக்கம் கெடல, வேலை குறையல. அவங்க விழவே இல்ல, அதனால மீளவும் இல்ல. என்னோட டபுள் டூட்டி கதை மேம் கிட்ட ஏன் தோத்துச்சுன்னு இந்த இடத்துலதான் எனக்குப் புரிஞ்சது, அதுல இருந்தது வெறும் தாங்குறது.

கான்ட்ரரில நாலுமே இருக்காது. அந்த நர்ஸ் யார் கிட்டயும் சொல்லல, அந்த பெட் பக்கமே போகல, அலாரம் அடிச்சா வேற யாரையாவது அனுப்பினாங்க, ரெண்டு மாசத்துல ரிசைன் பண்ணாங்க. இங்க ஒரு வேண்டுகோள், அவங்கள சோம்பேறியாவோ கெட்டவங்களாவோ எழுதாதீங்க. கான்ட்ரரி கேஸ் கான்செப்ட் இல்லாத நிலைய காட்டுறது, ஆளோட குணத்துக்கு மார்க் போடுறது இல்ல. கேக்க ஒரு சீனியர் இல்லாத வார்டா இருந்தா ஆன்டிசிடென்ட்டே இல்லன்னு அர்த்தம், அதயும் ஒரு வரில சொல்லுங்க.

கற்பனை உலகத்துல நடக்குற இன்வென்டட் கேஸ், வார்த்தைய வேற அர்த்தத்துல எடுக்குற இல்லெஜிட்டிமேட் கேஸ் ரெண்டும் எல்லா பேப்பர்லயும் இருக்காது, உங்க அசைன்மென்ட்ல கேட்டா மட்டும் எழுதுங்க. இல்லெஜிட்டிமேட்டுக்கு ரப்பர் மெத்தை அமுக்கினா திரும்ப எழும்புறது போதும், வார்த்தை அதேதான், நம்ம ஆட்ரிபியூட் பொருந்தாது.

8. ஆன்டிசிடென்ட், கான்சிக்வென்ஸ்

மூணு பெட்டி ஒழுங்கா போட்டிருந்தா இது அரை நாள் வேலை. ஒரு சின்ன விஷயம் மட்டும். அடி விழுந்தாப் போதாது, அந்த ஆள் அத அடின்னு உணரணும். அதே அரெஸ்ட் சீனியருக்கு அடியா படல. இத ஆன்டிசிடென்ட்ல சேத்துக்கோங்க.

9. எம்பிரிக்கல் ரெஃபரென்ட்: ஸ்கேல் பேர் எழுதினா மட்டும் போதாது

இங்க கேக்குறது, ஒவ்வொரு ஆட்ரிபியூட்டும் நிஜத்துல இருக்குன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க. நான் ரெசிலியன்ஸ அளக்குற கேடி-ரிஸ்க் ஸ்கேல் இருக்குன்னு ஒரு வரி எழுதி விட்டுட்டேன், அதுக்கும் மார்க் போச்சு. ஸ்கேல எடுத்து உங்க நாலு ஆட்ரிபியூட்டோட பொருத்திக் காட்டணும்.

2003ல வந்த கானர்-டேவிட்சன் ஸ்கேல்ல, அதான் கேடி-ரிஸ்க், 25 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 4, மொத்தம் 100. நம்பிக்கை, மாத்திக்கிறது ரெண்டும் அதுல நல்லா வருது. 2008ல வந்த ப்ரீஃப் ரெசிலியன்ஸ் ஸ்கேல்ல ஆறே கேள்வி, எல்லாம் திரும்பி எழுறதப் பத்தி, பாதி கேள்வி தலைகீழா கேட்டது, மார்க் போடும்போது திருப்பிக்கணும். அது என் முதல் ஆட்ரிபியூட்ட அப்படியே தொடுது, ஆனா உதவி தேடுறத தொடவே இல்ல. அந்த இடைவெளிய நான் அப்படியே எழுதினேன், நாலாவதுக்கு இன்சார்ஜ் கிட்ட போனாங்களா, எத்தன நாள்ல போனாங்கன்னு நேர்ல பாக்குறதுதான் வழின்னு.

கேடி-ரிஸ்க் உபயோகிக்க அத உருவாக்கினவங்க கிட்ட அனுமதி வாங்கணும், கட்டணமும் இருக்கு. வெறும் கான்செப்ட் அனாலிசிஸுக்கு அது தேவையில்ல, ஸ்கேலப் பத்தி பேசினாப் போதும். ஆனா கேள்விகள அப்படியே காப்பி பண்ணி அப்பென்டிக்ஸ்ல ஒட்டாதீங்க. தீசிஸுக்கு அதயே எடுக்கப் போறீங்கன்னா மெயில இப்பவே போட்டுடுங்க.

10. நாள் கணக்கும் குடுக்க வேண்டியதும்

எனக்கு உருப்படியா ஆனது அஞ்சு வாரம், டூட்டி போஸ்டிங்கோட சேத்து. தேடுறதுக்கு ஒரு வாரம், படிச்சு டேபிள் போட ஒண்ணரை வாரம், பெட்டியும் ஆட்ரிபியூட்டும் ஒரு வாரம், கேஸ் எல்லாம் நாலு நாள், மிச்சம் எழுதுறது திருத்துறது. கேஸ் எழுதி முடிச்சு ரெண்டு நாள் எடுத்து வெச்சிட்டு, ஆட்ரிபியூட் லிஸ்ட்ட காட்டாம கேஸ மட்டும் வார்டுல ஒரு ஃப்ரெண்ட் கிட்ட படிக்கக் குடுங்க. "இவங்க கிட்ட என்ன இருந்துச்சு?"ன்னு கேளுங்க. என் ஃப்ரெண்ட் மூணு சொன்னா, நம்பிக்கைய சொல்லல, அப்பதான் பெட்ட கேட்டு வாங்குற வரியவே நான் சேத்தேன்.

செலவு பிரின்ட்டும் பைண்டிங்கும்தான், காலேஜ்ல பிளேஜியரிசம் ரிப்போர்ட் கேட்டா அது தனி, எங்க எடுக்கணும்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கோங்க. ஆட்ரிபியூட் டெஃபனிஷன் எல்லாரும் ஒரே பேப்பர்லேர்ந்து எடுக்குறதால அந்த ரிப்போர்ட்ல சிவப்பு அங்கதான் அதிகமா வரும், சொந்த வார்த்தைல எழுதி பக்கத்துல சைட்டேஷன் போடுங்க. குடுக்கும்போது டேபிள், மூணு பெட்டி போட்ட அந்தக் கைப்பிரதி ரெண்டயும் கூட எடுத்துட்டுப் போங்க, எங்க மேம் முதல்ல கேட்டது அந்த பேப்பரத்தான்.